பகுதிப் பின்னங்களைத் திரும்பச் சேர்த்துச் சரிபார்ப்பது: ஒரு காரணி இரண்டு முறை வரும்போது எழும் கேள்விகள்

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில், என் வீட்டு வராந்தாவில், மாலையில் எச்.எஸ்.சி. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், தங்களுக்குள் கிரியோலில் பேசிக்கொள்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் சிலர் என்னிடம் தமிழிலேயே கேட்பார்கள். கேம்பிரிட்ஜ் 9709 பாடத்திட்டத்தின் பேப்பர் 3-இல் பகுதிப் பின்னங்கள் வருகின்றன. கீழே ஒரு காரணிக்கு வர்க்கம் இருக்கும் கணக்குகளும் அதில் அடக்கம். பிரிப்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பிரித்தது சரியா என்று பார்ப்பதில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே கணக்கையே வைத்துக்கொள்கிறேன், அப்போதுதான் எண்கள் பழகிப்போகும்.

```
   5x² − 15x − 2
 -----------------
  (x + 1)(x − 2)²
```

இதைப் பிரிக்க வேண்டிய வடிவம் இது:

```
A/(x + 1) + B/(x − 2) + C/(x − 2)²
```

சரியான விடை A = 2, B = 3, C = −4. மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் சொல்கிறேன்.

"திரும்பச் சேர்ப்பது என்றால் சரியாக என்ன செய்யவேண்டும் மிஸ்?"

மூன்று பின்னங்களையும் ஒரே பகுதியின் மேல் கொண்டுவந்து, தொகுதியை விரித்து, கேள்வியில் இருந்த தொகுதியோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒரே பகுதி, கேள்வியில் கொடுத்த (x + 1)(x − 2)² தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு பின்னத்தையும் பார்த்து, "இதன் பகுதியில் என்ன குறைகிறது?" என்று கேளுங்கள். 2/(x + 1) என்பதில் (x − 2)² முழுதாகக் குறைகிறது, அதனால் 2-ஐ அதனால் பெருக்க வேண்டும். 3/(x − 2) என்பதில் ஒரு (x + 1), ஒரு (x − 2) குறைகின்றன. −4/(x − 2)² என்பதில் (x + 1) மட்டும் குறைகிறது. இவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக, x² கீழே x², x கீழே x என்று வரிசை பிடித்து எழுதுங்கள்:

```
 2(x − 2)²        =  2x² −  8x + 8
 3(x + 1)(x − 2)  =  3x² −  3x − 6
−4(x + 1)         =      −  4x − 4
                    ---------------
 கூட்டல்            5x² − 15x − 2
```

கேள்வியில் இருந்த தொகுதி அப்படியே வந்துவிட்டது. x² கெழு, x கெழு, மாறிலி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு ஒத்து ஒன்று ஒத்துவரவில்லை என்றால் விடையிலோ விரித்ததிலோ தப்பு இருக்கிறது.

கடைசி வரியில் x² இல்லாத இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? அந்த வெற்றிடத்தைக் காப்பாற்றுவது நல்லது. இடம் விடாமல் நெருக்கி எழுதினால் −4x போய் x² வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

"நான் மூன்று பகுதிகளையும் பெருக்கிவிட்டேன், மேலே x³ வந்துவிட்டது. விடை தப்பா?"

விடை தப்பில்லை, பகுதியைத் தேவைக்கு மேல் பெரிதாக்கிவிட்டீர்கள். (x + 1), (x − 2), (x − 2)² மூன்றையும் பெருக்கினால் (x + 1)(x − 2)³ வரும். மீச்சிறு பொது மடங்கு அது அல்ல. (x − 2)² என்பதற்குள் (x − 2) ஏற்கெனவே இருக்கிறது. 1/2 + 1/4 கூட்டும்போது பகுதியை 8 என்று போட மாட்டோம், 4 போதும். அதே விஷயம்தான்.

அப்படிப் பெருக்கினால் தொகுதி 5x³ − 25x² + 28x + 4 என்று வரும். பார்ப்பதற்குக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும், ஆனால் அது (x − 2)(5x² − 15x − 2) தான். மேலேயும் கீழேயும் ஒரு (x − 2) வெட்டினால் பழைய பின்னம் கிடைத்துவிடும். x = 2 போட்டால் 40 − 100 + 56 + 4 = 0 வருவதைப் பாருங்கள்; (x − 2) அதற்குள் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

சரியாகப் போட்ட விடையை இந்த x³-ஐப் பார்த்துப் பயந்து அடித்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேர்க்கும்போது தொகுதியின் படி, கேள்வியின் பகுதியின் படியைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். இங்கே பகுதியின் படி 3, அதனால் மேலே x²-க்கு மேல் வரக்கூடாது. வந்தால், அடிப்பதற்கு முன் பகுதியை ஒருமுறை பாருங்கள்.

"x = −1 போட்டேன், x = 2 போட்டேன், இரண்டும் சரியாக வந்தது. அப்புறம் எப்படித் தப்பு என்கிறீர்கள்?"

இரட்டைக் காரணி வரும் கணக்கில் மற்ற எதையும்விட இதைத்தான் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில், மாறிலிகளைக் கண்டுபிடித்த வழி. தொகுதிகளைச் சமப்படுத்தி எழுதினால் இப்படி இருக்கும்:

```
5x² − 15x − 2 = A(x − 2)² + B(x + 1)(x − 2) + C(x + 1)
```

x = −1 போட்டால் B, C உள்ள உறுப்புகள் பூஜ்யமாகிவிடும்: 18 = 9A, A = 2. x = 2 போட்டால் A, B உள்ளவை பூஜ்யமாகும்: −12 = 3C, C = −4. (பின்னத்தில் x = 2 போட முடியாதே என்று சிலர் கேட்பார்கள். பின்னத்தில் போட முடியாது. ஆனால் மேலே உள்ள வரி பின்னம் இல்லை, எல்லா x-க்கும் பொருந்தும் சமனி. அதில் தாராளமாகப் போடலாம்.)

B-ஐக் கண்டுபிடிக்க ஒரு மாணவன் x கெழுக்களை ஒப்பிட்டான். −4A − B + C = −15. எண்களைப் போட்டால் −8 − B − 4 = −15, அதாவது −B = −3. அடுத்த வரியில் B = −3 என்று எழுதிவிட்டான். ஒரு கழித்தல் குறியை மட்டும் மறந்துவிட்டான், எல்லோருக்கும் நடப்பதுதான்.

பிறகு அவன் சரிபார்த்தான். A = 2, B = −3, C = −4 வைத்துச் சேர்த்தால் தொகுதி −x² − 9x + 10. அதில் x = −1 போட்டால் −1 + 9 + 10 = 18. கேள்வியின் தொகுதியிலும் 18. x = 2 போட்டால் −4 − 18 + 10 = −12. கேள்வியிலும் −12. இரண்டும் பொருந்திவிட்டன, விடையோ தப்பு.

காரணம் எளிது. B எப்போதும் (x + 1)(x − 2) என்பதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. x = −1 போட்டாலும் x = 2 போட்டாலும் அந்தப் பெருக்கல் பூஜ்யம். B-இன் இடத்தில் 3 இருந்தாலும் −3 இருந்தாலும் 300 இருந்தாலும் இந்த இரண்டு எண்களுக்கும் தெரியவே தெரியாது. A-ஐயும் C-ஐயும் கண்டுபிடித்த அதே எண்களை வைத்துச் சோதித்தால், A-உம் C-உம் மட்டும்தான் சோதனைக்கு உள்ளாகின்றன.

காரணிகள் எல்லாம் வெவ்வேறாக இருக்கும் கணக்கில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒவ்வொரு மாறிலிக்கும் அதற்கென்று ஒரு எண் கிடைக்கும். இரட்டைக் காரணி வந்தால் மாறிலிகள் மூன்று, பகுதியைப் பூஜ்யமாக்கும் எண்கள் இரண்டுதான். மீதி நிற்கும் மாறிலி, இரட்டைக் காரணியின் முதல் படிக்கு மேலே இருப்பது, இங்கே B. பிள்ளைகள் அதிகம் தவறவிடுவதும் அதைத்தான், பழைய பழக்கத்தில் செய்யும் சோதனைக்குத் தப்பிப் போவதும் அதுதான்.

ஒருமுறை நானே இப்படி ஒரு நோட்டில் சரி என்று குறி போட்டிருக்கிறேன். அவசரத்தில் இரண்டு எண்களையும் மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் மறுநாள் வேறொரு நோட்டில் வேறு விடையைக் காட்டியபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் முழுதாகச் சேர்க்காமல் குறி போடுவதில்லை.

"சேர்த்துப் பார்த்தால் ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டுமா?"

வேண்டாம். வந்த தொகுதியைத் தூக்கி எறியாதீர்கள், எங்கே தப்பு என்று அதுவே சொல்லும். கேள்வியின் தொகுதியிலிருந்து உங்களுக்கு வந்த தொகுதியைக் கழியுங்கள். மேலே சொன்ன மாணவனின் கணக்கில்:

```
(5x² − 15x − 2) − (−x² − 9x + 10) = 6x² − 6x − 12
                                  = 6(x + 1)(x − 2)
```

வித்தியாசம் (x + 1)(x − 2) என்பதன் மடங்கு. அது B-யோடு வரும் பெருக்கல். அப்படியானால் A-உம் C-உம் சரி, B-இல்தான் கோளாறு, அதுவும் 6 குறைவாக இருக்கிறது. −3 + 6 = 3. விடை கையில் வந்துவிட்டது, ஒரு வரியும் மறுபடி போடவில்லை.

வித்தியாசம் (x − 2)² என்பதன் மடங்காக வந்தால் A-இல் தப்பு. (x + 1) என்பதன் மடங்காக மட்டும் வந்து, x² இல்லாமல் இருந்தால் C-இல் தப்பு. முன்னால் நிற்கும் எண், எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதைச் சொல்லும்.

சில நேரம் வித்தியாசம் இந்த மூன்றில் எதற்கும் அடங்காது. அப்போது இரண்டு மாறிலிகள் தப்பாக இருக்கலாம், அல்லது மாறிலிகள் எல்லாம் சரியாக இருந்து நீங்கள் சேர்த்த கணக்கே தப்பாக இருக்கலாம். உதாரணத்துக்கு, −4(x + 1) என்பதை −4x + 4 என்று விரித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொகுதி 5x² − 15x + 6 என்று வரும், வித்தியாசம் வெறும் −8. இது x = −1 போட்டாலும் பூஜ்யமாகாது, x = 2 போட்டாலும் ஆகாது. குற்றம் விடையில் என்றால் A-உம் C-உம் இரண்டுமே தப்பாக இருக்க வேண்டும். அவை இரண்டையும் மறுபடி பார்ப்பது அரை நிமிட வேலை: 18 = 9A, −12 = 3C. இரண்டும் அசையாமல் நின்றால், குற்றம் விடையில் இல்லை, விரித்த இடத்தில்தான். அந்த மூன்று வரிகளை மட்டும் மறுபடி விரியுங்கள்.

"(x − 2)² ஒரே காரணிதானே? A/(x + 1) + C/(x − 2)² என்று இரண்டு பின்னம் போட்டால் போதாதா?"

போட்டுச் சேர்த்துப் பாருங்கள், போதாது என்பது கண்ணுக்குத் தெரியும். A = 2, C = −4 தான் கிடைக்கும். சேர்த்தால்:

```
2(x − 2)² − 4(x + 1) = 2x² − 12x + 4
```

கேள்வியில் 5x² − 15x − 2. கழித்தால் 3x² − 3x − 6, அதாவது 3(x + 1)(x − 2). இதை (x + 1)(x − 2)² ஆல் வகுத்தால் மீதி நிற்பது 3/(x − 2). நீங்கள் எழுதாமல் விட்ட பின்னம் அப்படியே வந்துவிட்டது.

தொகுதியில் x², x, மாறிலி என்று மூன்று கெழுக்கள் பொருந்த வேண்டும். இரண்டு மாறிலிகளை வைத்துக்கொண்டு மூன்றையும் பொருத்த, கணக்குத் தற்செயலாக அப்படி அமைந்தால்தான் முடியும். B = 0 வரும் கணக்குகள் அப்படிப்பட்டவை. அங்கேயும் B-ஐ எழுதிவிட்டு, அது பூஜ்யம் என்று கண்டுபிடிப்பதே முறை.

இதன் தம்பி ஒன்று உண்டு: A/(x + 1) + B/(x − 2) + C/(x − 2). காரணி இரண்டு முறை வருகிறது என்பதால் இரண்டு முறை எழுதிவிடுவது. கடைசி இரண்டும் சேர்ந்து ஒரே பின்னமாகிவிடும், கீழே (x − 2)² எங்கிருந்தும் வராது. எத்தனை நேரம் செலவழித்தாலும் இந்த வடிவத்தில் விடை கிடைக்காது.

"பரீட்சையில் இவ்வளவு விரிக்க நேரம் ஏது? ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதாதா?"

பேப்பர் 3-இல் 75 மதிப்பெண்ணுக்கு 1 மணி 50 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அதனால் நியாயமான கேள்வி.

ஒரு எண் போதும், ஆனால் அது பகுதியைப் பூஜ்யமாக்காத புதிய எண்ணாக இருக்க வேண்டும், A-ஐயும் C-ஐயும் நீங்கள் ஏற்கெனவே உறுதி செய்திருக்க வேண்டும். x = 0 பெரும்பாலும் சுலபம்:

```
கேள்வி:  −2 / (1 · 4)               = −0.5
விடை:    2/1 + 3/(−2) + (−4)/4
         = 2 − 1.5 − 1              = −0.5
```

B = −3 போட்டிருந்தால் 2 + 1.5 − 1 = 2.5 வந்திருக்கும். உடனே பிடிபட்டிருக்கும். A-உம் C-உம் சரி என்றால் மீதித் தப்பு B-இல் மட்டும்தான் இருக்க முடியும். (x + 1)(x − 2) என்பது −1, 2 இரண்டையும் தவிர வேறு எந்த எண்ணுக்கும் பூஜ்யமாகாது, அதனால் B-இன் தப்பு ஒளிந்துகொள்ள இடமில்லை.

A-ஐயும் C-ஐயும் உறுதி செய்யாமல் ஒரு எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். A = 4, B = 4, C = −4 என்று ஒருவர் வைத்திருக்கிறார், x = 1 போட்டுப் பார்க்கிறார் என்று கொள்ளுங்கள். விடை 4/2 + 4/(−1) − 4 = −6. கேள்வியில் −12/2 = −6. ஒத்துப்போகிறது! A-இல் 2 கூடியதும் B-இல் 1 கூடியதும் x = 1-இல் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. x = 0 போட்டால் 4 − 2 − 1 = 1, குட்டு வெளிப்பட்டுவிடும்.

எண்ணே போடாமல் ஒரே பார்வையில் பார்க்கும் வழியும் உண்டு, நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். x² கெழு A-இலிருந்தும் B-இலிருந்தும் மட்டுமே வருகிறது. ஆகவே A + B, கேள்வியின் x² கெழுவுக்குச் சமமாக இருக்க வேண்டும். 2 + 3 = 5, சரி. 2 + (−3) = −1, தப்பு. இரண்டு வினாடி ஆகாது. காரணிகளில் x-க்கு முன் எண் ஏதும் இல்லாதவரை இது நேராக வேலை செய்யும். (2x − 1)² போன்றவை வந்தால் அந்த 2-களையும் கணக்கில் எடுக்க வேண்டும், அங்கே x = 0 போடுவதே பாதுகாப்பு.

"மனத்தில் சரியாகத்தான் போடுகிறேன், எழுதும்போது தப்பாகிறது. எங்கே கவனிக்க வேண்டும்?"

என் மாணவர் நோட்டுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு இடங்கள்.

ஒன்று, அந்தச் சின்ன 2. மூன்று பின்னங்களையும் ஒரே வரியில் எழுதும்போது கடைசிப் பின்னத்தின் பகுதி கோட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு, வர்க்கம் பின்னக் கோட்டை இடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த வரிக்கு வரும்போது அது (x − 2) ஆகிவிடும். பின்னங்களுக்கு இரண்டு வரி உயரம் கொடுங்கள், பின்னக் கோட்டை அடைப்புக்குறியைவிட நீளமாக இழுங்கள். காகிதம் மிச்சப்படுத்தும் இடம் இது அல்ல.

இன்னொன்று, கழித்தல் குறிக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லாதது. −4(x + 1) என்று எழுதாமல் நேராக விரிக்கப் போகும்போதுதான் −4x + 4 வருகிறது. முதலில் அடைப்புக்குறியோடு ஒரு வரி, அதற்கு அடுத்த வரியில்தான் விரிப்பது. சரிபார்க்கும்போதும் இதே ஒழுங்கு வேண்டும், இல்லாவிட்டால் சரிபார்ப்பே புதுத் தப்பைக் கொண்டுவரும்.

சரிபார்ப்பதை விடை எழுதிய வரிக்குப் பக்கத்தில் செய்யாமல், விடையிலிருந்து மறுபடி எண்களைப் பார்த்து எழுதுங்கள். B = 3 என்று கண்டுபிடித்துவிட்டு, கடைசி வரியில் 3-உம் −4-உம் இடம் மாறி எழுதியவர்கள் உண்டு. கடைசி வரியைச் சேர்த்தால்தான் அது தெரியும்.

"விடைப் பக்கத்தில் (2 − x) போட்டிருக்கிறார்கள், நான் (x − 2) போட்டேன். B-இன் குறி மாறியிருக்கிறது, C மாறவில்லை. யார் சரி?"

இரண்டு பேரும் சரி. (2 − x) என்பது −(x − 2). அதனால் 3/(x − 2) என்பதும் −3/(2 − x) என்பதும் ஒன்று. வர்க்கத்தில் கழித்தல் குறி மறைந்துவிடுகிறது, (2 − x)²-உம் (x − 2)²-உம் ஒன்றேதான், ஆகவே −4 அப்படியே நிற்கும். ஒன்றின் குறி மட்டும் மாறியிருப்பதைப் பார்த்து உங்கள் விடையை மாற்றிவிடாதீர்கள். x = 0 போடுங்கள்: −3/2 என்றாலும் 3/(−2) என்றாலும் −1.5 தான்.

"என் நண்பன் 2/(x + 1) + (3x − 10)/(x − 2)² என்று எழுதியிருக்கிறான். சேர்த்தால் சரியாக வருகிறதே?"

வரத்தான் செய்யும். 3/(x − 2) − 4/(x − 2)² இரண்டையும் சேர்த்தால் 3(x − 2) − 4 = 3x − 10. அவன் கடைசி இரண்டையும் பிரிக்காமல் விட்டிருக்கிறான். சமன்பாடு உண்மை, ஆனால் கேள்வியின் அடுத்த கட்டத்தில் தொகையிடச் சொன்னால் அவன் எப்படியும் அதைப் பிரிக்க வேண்டும். திரும்பச் சேர்ப்பது இரு பக்கமும் சமமா என்பதை மட்டும்தான் சொல்லும், முழுதாகப் பிரித்தாயிற்றா என்பதைச் சொல்லாது. அதற்குக் கண்ணால் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் எண் மட்டும் இருக்கிறதா?

"எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது டீச்சர். மகளின் நோட்டை நான் பார்த்துச் சொல்ல முடியுமா?"

முடியும் அம்மா. உங்களுக்கு அல்ஜீப்ரா வேண்டாம், கூட்டல் கழித்தல் வகுத்தல் போதும். ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் x இருக்கும் இடத்தில் எல்லாம் 3 போடுங்கள். மேலே 45 − 45 − 2 = −2. கீழே 4-ஐ 1-ஆல் பெருக்கினால் 4. வகுத்தால் −0.5. இப்போது மகள் எழுதிய விடையிலும் x-க்கு 3 போடுங்கள்: 2/4 + 3/1 − 4/1. அரை, அதோடு 3, அதிலிருந்து 4 போனால் −0.5. ஒன்றுதான்.

அதையே இன்னும் இரண்டு எண்களுக்குச் செய்யுங்கள், 0-உம் 1-உம் நல்லவை. மூன்றிலும் ஒத்துப்போனால், எழுதிய A, B, C மூன்றும் சரி என்று உறுதியாகச் சொல்லலாம். ஏனென்றால் இரண்டு தொகுதிகளுக்கும் உள்ள வித்தியாசம் x²-க்கு மேல் போகாது. அப்படிப்பட்ட ஒன்று மூன்று வெவ்வேறு இடங்களில் பூஜ்யமானால், அது முழுக்கவே பூஜ்யம். கீழே பூஜ்யம் வரும் எண்ணை மட்டும் போடாதீர்கள், கால்குலேட்டர் பிழை காட்டும்.

"தொகுதியிலும் x³ இருந்தால்?"

முதலில் வகுத்து, வரும் எண்ணை முன்னால் தனியாக வைக்க வேண்டும். சேர்க்கும்போது அந்த எண்ணையும் முழுப் பகுதியால் பெருக்கிச் சேர்க்க வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் சேர்த்த தொகுதியில் x³ இருக்காது, அதிலேயே தெரிந்துவிடும்.

"(x − 2)³ வந்தால் இதே வழிதானா?"

இந்தப் பாடத்திட்டத்தில் அது கேட்கப்படுவதில்லை, ஆனால் மேலே படிக்கப் போகிறவர்கள் கேட்கிறார்கள். சேர்க்கும் வழி அதேதான். (x − 2), (x − 2)², (x − 2)³ என்று மூன்று பின்னங்கள் வரும், x = −1-உம் x = 2-உம் இரண்டு மாறிலிகளை மட்டுமே தொடும், நடுவில் இரண்டு தொடப்படாமல் நிற்கும். ஆகவே ஒரு புதிய எண் அங்கே போதாது. (x − 2)-க்கு மேலே உள்ளதும் (x − 2)²-க்கு மேலே உள்ளதும் ஆளுக்கு 1 கூடிப்போனால், x = 1-இல் அந்தத் தப்பு −1 + 1 = 0 ஆகி மறைந்துவிடும். x = 0 போட்டால் −1/2 + 1/4, கால் குறையும், பிடிபட்டுவிடும். இரண்டு புதிய எண்களாவது போடுங்கள், அல்லது நான்கு வரிகளையும் பொறுமையாக விரித்துக் கூட்டுங்கள்.